மீன் வாங்குமுன் பஞ்சு வாங்குங்கள்

சென்னை கொளத்தூருக்குப் போனால் தொட்டி, மோட்டார், கூழாங்கல், மீன் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கி வந்துவிடலாம். சிக்கலே அதுதான். சில நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்; தண்ணீரோ தெளிவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் காரணம் அமோனியா. மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் அது உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். அழகுக்காக விற்கும் உருண்டைக் கிண்ணத்தில் 5 லிட்டர்தான். அதே கழிவு அங்கே பத்து மடங்கு விஷம். சின்னதாக ஆரம்பிப்போம் என்பது இங்கே மட்டும் தப்புக் கணக்கு. தண்ணீர், கல், கண்ணாடி சேர்ந்து 60 கிலோவைத் தாண்டும் என்பதால் உறுதியான மேஜை வேண்டும். அடியில் தெர்மாகோல் விரியுங்கள். வெயில் படுகிற ஜன்னலோரம் வேண்டாம், பாசி பிடிக்கும்.

ஃபில்டரில் மலிவான ஸ்பான்ச் ஃபில்டரும் ஒரு ஏர் பம்பும் போதும். அந்தப் பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்கும். இவை பெருக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால், கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டுகளை விட்டு நிரப்பி, மீன் இல்லாமலே பம்பை ஓடவிடுங்கள். தினம் ஒரு சிட்டிகைத் தீனி போடுங்கள். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். நண்பர் வீட்டுத் தொட்டியின் பழைய பஞ்சு கிடைத்தால் காத்திருப்பு குறையும். பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லையேல் கரண்ட் போனதும் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கிவிடும்.

மீன்? ஐந்தாறு ஆண் கப்பிகள். நம்மூர் போர் தண்ணீரின் கடினத்தன்மை பல மீன்களுக்கு ஒத்துவராது, கப்பிக்கு ஒத்துப்போகும். பெண்ணைச் சேர்த்தால் மாதாமாதம் குஞ்சுதான்.

கப்பியின் வாய் சிறியது, மேல்நோக்கி இருப்பது. அதனால் மிதக்கும் தீனியாக, பொடித்த ஃப்ளேக்ஸோ மிகச் சிறிய உருண்டைகளோ வாங்குங்கள். சிறிய டப்பாவே நல்லது, திறந்து வைத்தால் சத்துக் குறையும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளுக்கு இரண்டு வேளை. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், அதையும் குளோரின் நீக்கியே ஊற்ற வேண்டும். மூன்று நாள் ஊருக்குப் போகிறீர்களா? பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வளர்ந்த கப்பி அந்தப் பட்டினியைத் தாங்கும். பம்ப் சுவிட்சை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.