இரத்த வகையில் காணாமல் போகும் கூட்டல் குறி

இரத்ததானம் செய்ய முன்வருபவர்களின் விவரத்தை இணையத்தில் பதிவு செய்யும் ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம். பெயர், இரத்த வகை, ஊர் என மூன்றே கட்டங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் பதிவு செய்த பிறகு பட்டியலைத் திறந்தால், O-, B-, AB- எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் O+, B+, AB+ என்று பதிந்தவர்களின் வகை வெறும் O, B, AB என்று நிற்கிறது. மைனஸ் தப்பித்துவிட்டது, பிளஸ் மட்டும் உதிர்ந்துவிட்டது. நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் கோளாறு இது. அவசரத்துக்கு இரத்தம் தேடும்போது அந்த ஒரு குறி எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள, ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தியதும் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதைப் பார்க்க வேண்டும். சாதாரணப் படிவம் என்றால் எல்லாக் கட்டங்களும் ஒரே வரியாகக் கோக்கப்பட்டுச் செல்லும்:

```
name=Kavi+Malar&group=AB%2B&town=Salem
```

இதில் & கட்டங்களைப் பிரிக்கிறது. = கட்டத்தின் பெயரையும் அதில் எழுதியதையும் பிரிக்கிறது. பெயரில் இருந்த இடைவெளி + ஆக மாறியிருக்கிறது. அப்படியானால் பயனர் உண்மையிலேயே + என்று எழுதினால் என்ன செய்வது? இரண்டும் குழம்பக்கூடாது என்பதற்காக, உண்மையான கூட்டல் குறியை பிரவுசர் %2B என்று எழுதிவிடுகிறது. சதவீதக் குறிக்குப் பின்னால் வரும் 2B என்பது கணினி எழுத்து அட்டவணையில் கூட்டல் குறிக்குரிய எண், பதினாறடிமான முறையில் எழுதப்பட்டது.

இடைவெளிக்குக் கூட்டல் குறி என்ற இந்த வழக்கம் வலையின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994-இல் எழுதிய RFC 1630 ஆவணம், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்வரும் தேடல் பகுதியில் + என்பது இடைவெளியின் சுருக்கம் என்கிறது. ஆகவே உண்மையான கூட்டல் குறியை மாற்றித்தான் எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. 1995-இல் வந்த HTML 2.0 விதிமுறை, RFC 1866, அதே வழக்கத்தைப் படிவங்களுக்கும் வகுத்தது. இன்றும் பிரவுசர்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன.

சிக்கல் என்னவென்றால், இந்த விதி முகவரியின் பாதைப் பகுதிக்குப் பொருந்தாது. பாதை என்பது தளத்தின் பெயருக்குப் பிறகு, கேள்விக்குறிக்கு முன்பு வரும் பகுதி. அங்கே + என்றால் கூட்டல் குறியேதான். இடைவெளி வேண்டுமானால் %20 என்று எழுத வேண்டும். ஒரே முகவரியில் இரண்டு விதிகளும் அடுத்தடுத்து வரலாம்:

```
/list/AB+?name=Kavi+Malar
```

இதில் முதல் + இரத்த வகையின் குறி. இரண்டாவது + பெயருக்கு நடுவே உள்ள இடைவெளி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கேள்விக்குறி தாண்டியதும் பொருள் மாறிவிடுகிறது. எனவே முழு முகவரியையும் ஒரே வீச்சில் பிரித்துப் படிக்கும் நிரல், இரண்டில் ஒன்றைத் தவறாகத்தான் படிக்கும்.

இதனால்தான் நிரல் மொழிகள் இரண்டு தனித்தனிக் கருவிகளைத் தருகின்றன. பைத்தானில் இப்படி:

```
unquote("Kavi+Malar")       # 'Kavi+Malar'
unquote_plus("Kavi+Malar")  # 'Kavi Malar'
unquote("AB+")              # 'AB+'
unquote_plus("AB+")         # 'AB '
```

முதல் வகை பாதைக்கு, இரண்டாவது வகை படிவத்துக்கு. மாற்றிப் பயன்படுத்தினால் வரும் தவறுகளும் இரண்டு விதம். படிவத்தைப் பாதைக் கருவியால் படித்தால் பெயர்களுக்கு நடுவே + தோன்றும். இது உடனே கண்ணில் படும் என்பதால் பெரிய ஆபத்தில்லை. பாதையைப் படிவக் கருவியால் படித்தால் AB+ என்பது ‘AB’ என்றும் பின்னால் ஒரு இடைவெளி என்றும் ஆகிவிடும். ஓரத்து இடைவெளிகளை வெட்டிவிடுவது பல நிரல்களின் வழக்கம். அந்தக் கட்டத்தில் தடயமும் அழிந்துவிடுகிறது.

சரியான கருவியை எடுத்தாலும் வரிசை முக்கியம். முதலில் & குறியில் வெட்ட வேண்டும், பிறகு ஒவ்வொரு துண்டையும் முதல் = குறியில் வெட்ட வேண்டும். அதன்பின் + குறிகளை இடைவெளியாக்க வேண்டும். கடைசியில்தான் % குறியீடுகளைப் பிரிக்க வேண்டும். கடைசி இரண்டையும் மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று AB%2B-ஐ வைத்தே பார்க்கலாம். முதலில் %2B பிரிந்து AB+ ஆகும். அடுத்த படியில் அந்த + இடைவெளியாகிவிடும். பிரவுசர் பாதுகாப்பாக அனுப்பிய குறியை நாமே தொலைத்துவிடுகிறோம்.

அதே விளைவு இன்னொரு வழியிலும் வரும். வலைத்தளம் கட்டப் பயன்படும் சட்டகங்கள் பெரும்பாலும் படிவத்தைத் தாமே பிரித்து, AB+ என்ற தூய மதிப்பைக் கையில் தந்துவிடும். அதைப் பார்க்காமல் நிரலர் மறுபடியும் படிவக் கருவியில் போட்டால் குறி போய்விடும். பிரிப்பது ஒரு முறைதான் நடக்க வேண்டும்.

தவறு அனுப்பும் பக்கத்திலும் இருக்கலாம். பிரவுசரின் படிவத்தை நம்பாமல், ஒரு மொபைல் செயலியில் `"group=" + வகை` என்று கையால் ஒட்டி அனுப்பினால், group=AB+ என்றே போகும். சர்வர் விதிப்படி அதை இடைவெளியாகப் படிக்கும். இங்கே சர்வர் மேல் குற்றமில்லை.

யார் பக்கம் தவறு என்று கண்டுபிடிக்க எளிய வழி, பிரிக்காத மூல வரியைப் பார்ப்பதுதான். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, படிவம் அனுப்பிய கோரிக்கையின் மூல வடிவத்தைப் பார்க்கலாம். அங்கே %2B இருந்தால் அனுப்பியது சரி, சர்வர் பக்கத்தில் தேட வேண்டும். வெறும் + இருந்தால் அனுப்பும் நிரலைத் திருத்த வேண்டும். சோதனைக்கு ‘A B+C’ போல, இடைவெளியும் கூட்டல் குறியும் சேர்ந்த மதிப்பை அனுப்புங்கள். அது அப்படியே திரும்பி வந்தால் இரண்டு பக்கமும் சரி.

கெட்டுப்போன பதிவுகளை மீட்கலாமா? +91 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணின் முன்னால் இடைவெளி நின்றால், அது கூட்டல் குறியாக இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். இரத்த வகையில் அப்படி ஊகிக்கக் கூடாது. வெறும் O என்று இருப்பது குறி உதிர்ந்த O+ ஆகவும் இருக்கலாம், வேறு வழியில் வந்த அரைகுறைப் பதிவாகவும் இருக்கலாம். பதிந்தவரிடம் மறுபடி கேட்பதே சரி.

இனி எழுதப்போகும் நிரலுக்கு ஒரு பாதுகாப்பான வழி உண்டு. அனுப்பும்போது இடைவெளியை எப்போதும் %20 என்றும், கூட்டல் குறியை எப்போதும் %2B என்றும் எழுதுங்கள். பாதையானாலும் படிவமானாலும், இரண்டு கருவிகளும் இவற்றை ஒரே மாதிரிதான் படிக்கும்.