ஊருக்குப் போகும் பேக்கேஜ்: ரத்தானால் எவ்வளவு திரும்பும்?

சென்னையில் இருக்கும் நான்கு பேர் குடும்பம் மே மாத லீவில் திருநெல்வேலிக்குப் போய்வர டிராவல்ஸில் பேக்கேஜ் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 22,000 ரூபாய். தங்குவது தாத்தா பாட்டி வீட்டில், அதனால் ஓட்டல் செலவு இல்லை. போக வர மூன்றாம் வகுப்பு ஏசி டிக்கெட்டுக்கு 8,800, ஊரில் மூன்று நாள் வேனுக்கு 12,000, சர்வீஸ் சார்ஜ் 1,200. இந்தக் கணக்கு நோட்டீஸிலேயே பிரித்து அச்சாகியிருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் இருந்தால் ரத்து செய்யும்போதுதான் அதன் வலி தெரியும்.

பயணத்துக்குப் பத்து நாள் முன்பு வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகிறது. ‘ரத்து செய்தால் 50 சதவீதம் திரும்பத் தரப்படும்’ என்று மட்டும் போட்டிருந்தால் கைக்கு வருவது 11,000. ஆனால் ரயில் டிக்கெட்டுக்கு ரயில்வேயின் விதி தனி. அங்கே ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியாகப் பிடிப்பார்கள். வண்டி கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். பத்து நாள் இருக்கும்போது ஆளுக்கு 200 ரூபாய் என்றே கணக்குப் போட்டாலும், போக வர எட்டு டிக்கெட்டுக்கு 1,600 போக 7,200 திரும்பும். வேன் வாடகையில் டிராவல்ஸ் கால் பங்கு எடுத்துக்கொண்டால் 9,000 மிஞ்சும். சர்வீஸ் சார்ஜை விட்டுவிட்டாலும் 16,200 வருகிறது. ஆகவே ‘டிக்கெட்டுக்கு ரயில்வே விதிப்படி, வேனுக்கு எங்கள் விதிப்படி’ என்று இரண்டாகப் பிரித்து எழுதும் டிராவல்ஸையே நம்பலாம். உறுதியான தட்கல் டிக்கெட்டை நாமாக ரத்து செய்தால் பணம் வராது என்பதையும் அதே இடத்தில் சொல்லவேண்டும்.

ஐ.ஆர்.சி.டி.சி. ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டின் பணம் ஏஜென்ட் கணக்குக்குத்தான் போகும். எவ்வளவு வந்தது என்ற தகவலும் ஓடிபியும் பயணியின் போனுக்கு வரும். அந்த எண்ணைச் சொல்லித்தான் நம் பணத்தை வாங்க வேண்டும். புக் செய்யும்போதே நம் சொந்த நம்பரைக் கொடுப்பது அதனால்தான்.

வேன் விஷயத்தில் சண்டை வருவது கிலோமீட்டரில். ‘ஒரு நாளைக்கு 250 கி.மீ.’ என்றால், வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தா, நம் வீட்டு வாசலிலிருந்தா? டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் வாடகைக்குள் அடக்கமா? கூடுதல் கிலோமீட்டருக்கு என்ன ரேட்? எல்லாவற்றுக்கும் விடை எழுத்தில் வேண்டும்.

இன்னொன்று, குற்றாலம். சீசன் பொதுவாக ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடுதான் தொடங்கும். மே மாத நோட்டீஸில் கொட்டும் அருவிப் படத்தைப் போடுகிறவர், ‘தண்ணீர் இருப்பதைப் பொறுத்து’ என்ற வரியையும், அருவி வறண்டிருந்தால் அன்றைக்கு வேன் திருச்செந்தூர் போகுமா என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.