“என் ராசா!” இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

போடிநாயக்கனூரில் இருந்து மலைப் பக்கம் போனால் குரங்கணி. அதற்கு மேலே மலைச்சரிவு. ஏலக்காய்த் தோட்டங்கள் அந்த மலைகளில்தான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர், படித்து முடித்து வெளிநாட்டில் குடியேறி விட்டார்கள். அங்கே பிறந்த பேரன், பேத்திகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும். படிக்க வராது.

அப்பத்தா எழுதிய பழைய கடிதம் பெட்டியில் கிடக்கிறது. “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று பேரன் கேட்கிறான். தகப்பன் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க உட்காருகிறார். முதல் வரியிலேயே பேனா நின்று விடுகிறது!

ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். உதாரணத்துக்காக நாமே எழுதியதுதான்:

“என் ராசா, அய்யாவுக்கு அப்பத்தா எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. உன் சித்தப்பா மலையில் இருந்து இன்னும் இறங்கவில்லை. உன் அத்தை மகள், ‘மச்சானுக்குத் தமிழ் மறந்து போச்சா?’ என்று கேட்கிறாள். வேளைக்குச் சாப்பிடு. உன் அப்பத்தா.”

முதலில் தமிழிலேயே!

எடுத்த எடுப்பில் இங்கிலீஷுக்குப் போகக் கூடாது. முதலில் கடிதத்தைத் தமிழிலேயே தெளிவாகப் பார்த்து எழுதவேண்டும். பழைய ஆட்கள் பலர் புள்ளி வைப்பதில்லை. ‘அத்தை’ என்பது ‘அததை’ என்று இருக்கும். ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி இருக்கும். 1978-ல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் அது போயிற்று. புரியாத சொல்லை ஊகித்து எழுதாமல், இடம் விட்டு வையுங்கள். ஊரில் உள்ள பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிக் கேளுங்கள்.

‘அங்கிள்’ யார்?

இப்போது உறவுச் சொற்கள். சித்தப்பாவை ‘அங்கிள்’ என்று எழுதினால் என்ன ஆகும்? பெரியப்பாவும் ‘அங்கிள்’. தாய்மாமனும் ‘அங்கிள்’. மலையில் இருந்து இறங்காதவர் யார் என்று பேரன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

‘கசின்’ இன்னும் மோசம். சித்தப்பா மகள் தங்கச்சி. அத்தை மகளோ முறைப்பெண். கட்டிக்கொள்ளும் முறை உள்ளவள். அதனால்தான் ‘மச்சான்’ என்று உரிமையோடு கேலி செய்கிறாள். “உன் கசின் கேட்டாள்” என்று எழுதினால், அந்தக் கேலி செத்துப்போகும்.

இந்த வித்தியாசத்தைக் கண்டு வியந்தவர் ஓர் அமெரிக்கர். லூயிஸ் ஹென்றி மார்கன் என்று பெயர். தமிழ் உறவு முறைகளை மிஷனரி ஒருவர் மூலம் எழுதி வாங்கினார். அமெரிக்காவின் செனகா என்ற பழங்குடி மக்களின் முறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் தகப்பனின் சகோதரன் தகப்பன் வரிசையில் வருகிறார். தாயின் சகோதரி தாய் வரிசையில் வருகிறாள். 1871-ல் பெரிய புத்தகமே வெளியிட்டார்.

ஆகவே, உறவுச் சொல்லைத் தமிழ் ஒலியிலேயே இங்கிலீஷ் எழுத்தில் எழுதுங்கள். “ஹாஸ் மச்சான் ஃபர்காட்டன் ஹிஸ் தமிழ்?” என்று எழுதினால் போதும்.

சிலர் பக்கத்திலேயே, “அத்தை, அதாவது உன் தகப்பனாரின் சகோதரி” என்று விளக்கம் சேர்ப்பார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. எந்த அப்பத்தா தன் பேரனுக்கு அப்படி எழுதுவாள்? பள்ளிக்கூட வாத்தியார் குரல் வந்துவிடுகிறது. தனித் தாளில் குடும்ப மரம் ஒன்று வரையுங்கள். யார் யாருக்கு என்ன முறை என்று அதில் குறித்து, கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். மச்சானுக்கு மட்டும் இரண்டு வரி விளக்கம் அதில் இருக்கட்டும். ‘அப்பத்தா’ தகப்பனின் தாய், ‘அம்மாச்சி’ தாயின் தாய் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ராசாவும் அய்யாவும்

‘என் ராசா’வை ‘மை கிங்’ என்று எழுதினால் பேரன் சிரிப்பான். ‘டியர்’ என்றால் சப்பென்று போகும். ‘ராசா’ என்றே விடுங்கள்.

‘அய்யா’வில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் அந்தக் காலத்தில் பலர். பேரனை எப்படிக் கூப்பிடுவார்கள்? ‘அய்யா’, ‘ராசா’ என்றுதான்! உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், அதைக் குடும்ப மரத்தில் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

‘வேளைக்குச் சாப்பிடு’ என்பதை ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று மாற்றக் கூடாது. அப்பத்தா சொன்னது சோற்றைப் பற்றி. ‘மலையில் இருந்து’ என்பதைத்தான் மாற்ற வேண்டும். ‘ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்து’ என்று எழுதாவிட்டால், சித்தப்பா மலையில் வழி தவறிவிட்டார் என்று பேரன் பயந்துபோவான்!

இன்னொரு சங்கதி. எழுதத் தெரியாத அப்பத்தாக்கள் உண்டு. அவர்கள் சொல்ல, பக்கத்து வீட்டுப் பையன் எழுதியிருப்பான். ‘இவ்விடம் எல்லோரும் சுகம்’ என்பது பெரும்பாலும் எழுதியவன் பழக்கம். ‘ராசா’ அப்பத்தாவின் வாய்ச்சொல். கையெழுத்து வேறு ஒருவருடையது என்று தெரிந்தால், இங்கிலீஷ் தாளின் அடியில் “சொன்னது அப்பத்தா, எழுதியது இன்னார்” என்று ஒரு வரி சேருங்கள்.