பல் ஏன் அடியில் முறிகிறது?

ஓடிக்கொண்டிருந்த கியர்பாக்ஸில் பல் ஒன்று போய்விட்டால், மூடியைக் கழற்றும் மெக்கானிக் முதலில் தேடுவது முறிந்த துண்டைத்தான். பெரும்பாலும் அது முழுப் பல்லாகவே எண்ணெயின் அடியில் கிடக்கும். முறிவு நுனியிலோ நடுவிலோ இருப்பதில்லை. பல் சக்கரத்தின் உடலோடு சேரும் வேர்ப்பகுதியில் இருக்கிறது.

அந்த முறிமுகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். ஒன்று வழவழப்பாக, வளைவு வளைவான மெல்லிய கோடுகளோடு இருக்கும். விரிசல் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உள்ளே நகர்ந்த தடம் அது. இன்னொன்று கரடுமுரடாக இருக்கும். மிச்சமிருந்த எஃகு சுமை தாங்காமல் ஒரே அடியில் பிய்ந்த இடம் அது. வழவழப்பான பகுதி தொடங்குவது, எதிர்ச்சக்கரத்தின் பல் வந்து அழுத்துகிற அதே பக்கத்தில்.

இது கொஞ்சம் முரணாகத் தோன்றலாம். அழுத்துகிற பக்கம் நசுங்கத்தானே வேண்டும், பிளப்பானேன்? சுவரிலிருந்து நீட்டிய பால்கனித் தளத்துக்குக் கம்பியை மேல்பக்கமாகக் கட்டும் கொத்தனாருக்கு இதற்கு விடை தெரியும். பாரம் மேலே ஏறினாலும், சுவரை ஒட்டிய இடத்தில் தளத்தின் மேல்பகுதி இழுபடுகிறது, கீழ்ப்பகுதி நெரிபடுகிறது. கியர் பல்லும் அப்படி ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட கேண்டிலீவர்தான். நுனியில் தள்ளினால், தள்ளிய பக்கத்து வேர் இழுபடுகிறது. விரிசலைத் திறப்பது அந்த இழுப்பு.

பல்லை இப்படிப் பார்த்து முறையான கணக்காக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் வில்ஃப்ரெட் லூயிஸ். 1892இல் பிலடெல்ஃபியா பொறியாளர் மன்றத்தில் தன் ஆய்வை வாசித்தார். அதற்கு முன்பும் விதிகளுக்குப் பஞ்சமில்லை. பற்களின் பலத்துக்கு 48 விதிகள் புழக்கத்தில் இருப்பதாக ஜான் கூப்பர் என்பவர் 1879இலேயே எண்ணிவைத்திருந்தார். ஒன்றுக்கொன்று சில இடங்களில் 500 சதவீதம் வரை வேறுபட்டனவாம்! பல்லின் பருமனைப் பார்த்த அளவுக்கு அதன் வடிவத்தை அவை பார்க்காததுதான் பெரிய குறை.

கேண்டிலீவரின் கணக்கு எளியது. சுமை வேரிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அந்த அளவுக்கு வளைக்கும் வலு கூடும். தாங்கும் பக்கத்தில் தடிமன்தான் ராஜா: தடிமன் இரு மடங்கானால் தகைவு நாலில் ஒன்றாகிவிடும். சிக்கல் என்னவென்றால், பல் ஒரே தடிமனுள்ள பலகை அல்ல. நுனியில் ஒல்லியாகி, அடியில் அகன்று, கடைசியில் வளைந்து உடலோடு கலக்கிறது. இதில் எந்த வெட்டுமுகத்தைத் தடிமன் என்று எடுப்பது?

இங்கேதான் லூயிஸின் சாமர்த்தியம். பரவளைய வடிவில் ஒரு கேண்டிலீவரைச் செய்து அதன் நுனியில் சுமை வைத்தால், எல்லா வெட்டுமுகத்திலும் தகைவு ஒன்றாகவே இருக்கும். ஆகவே பல்லின் படத்தைப் பெரிதாக வரைந்து, சுமைக்கோடு பல்லின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளியை உச்சியாக வைத்து, உள்ளே அடங்கும்படி ஒரு பரவளையம் போட்டார். அது பல்லின் ஓரத்தைத் தொடும் இடம்தான் பலவீனமான வெட்டுமுகம். மற்ற எல்லா இடத்திலும் பரவளையத்துக்கு வெளியே கூடுதல் எஃகு இருக்கிறதே! தொடும் இடம் வேர் வளைவில் விழுந்தது. முறிந்த பற்கள் காட்டுவதும் அந்த இடத்தைத்தான்.

கணக்கு கடைசியில் இப்படிச் சுருங்கியது:

σ = Wt / (b · m · Y)

Wt என்பது பல்லைத் தள்ளும் விசை; b பல்லின் அகலம்; m பல்லின் பருமனைக் குறிக்கும் மாடியூல். Y என்பதில்தான் வடிவம் முழுதும் ஒளிந்திருக்கிறது. 20 பாகை அழுத்தக் கோணமுள்ள சாதாரணப் பற்களில், 12 பல் சக்கரத்துக்கு Y 0.245, 18 பல்லுக்கு 0.309, 60 பல்லுக்கு 0.422. ஒரே மாடியூலில் வெட்டினாலும், பற்கள் குறையக் குறைய ஒவ்வொரு பல்லின் இடுப்பும் சிறுக்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 1440 ஆர்.பி.எம்மில் ஓடும் 7.5 கிலோவாட் மோட்டார், 18 பல் பினியன் வழியாக 60 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. மாடியூல் 3, அகலம் 30 மில்லிமீட்டர். பல்லின் மேல் விழும் விசை சுமார் 1840 நியூட்டன், அதாவது 188 கிலோ எடைக்குச் சமம். பினியன் பல்லின் வேரில் தகைவு 66 மெகாபாஸ்கல். பெரிய சக்கரத்தின் பல்லில் 48தான். தள்ளும் விசை இரண்டுக்கும் ஒன்றே. போதாததற்கு, பெரிய சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் பினியன் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றிவிடுகிறது. பினியனை மட்டும் உயர்ந்த எஃகில் செய்வதன் காரணம் இதுதான்.

அப்படியானால் பெரிய பல்லாக வெட்டிவிட்டால் என்ன? அதே 54 மில்லிமீட்டர் விட்டத்தில் மாடியூலை 4.5 ஆக்கலாம், பற்கள் 12ஆகக் குறையும். பல் ஒன்றரை மடங்கு பெரிதாகிறது, பலமோ ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. மீதியை Y தின்றுவிட்டது. 20 பாகைப் பல்லில் 17க்குக் கீழே போனால், பல் வெட்டும் ஹாப்பின் நுனியே வேரைக் குடைந்துவிடும். பழைய 14½ பாகைப் பல்லில் இந்தக் குடைவு 32க்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. பழைய கோணம் வழக்கொழிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. குறைந்த பற்கள் வேண்டியே தீரும் என்றால், ஹாப்பைச் சற்று வெளியே தள்ளி வைத்து வெட்டுவார்கள். வேர் தடிக்கும், நுனி கூராகும். நுனி கத்திபோல் ஆகும்வரை தள்ள முடியாது, அதுவே எல்லை.

லூயிஸின் கணக்குக்கும் எல்லை உண்டு. கேண்டிலீவர் கணக்கு நீண்ட, ஒல்லியான உத்தரத்துக்கு உரியது. மாடியூல் 3 பல்லின் உயரம் ஆறே முக்கால் மில்லிமீட்டர். வேரின் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவே. போதாக்குறைக்கு வேரில் ஒரு வளைவு இருக்கிறது, வளைவில் தகைவு குவியும். 1942இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டோலனும் பிரோகாமரும் பிளாஸ்டிக்கில் பல் மாதிரிகள் செய்து, துருவ ஒளியில் பார்த்து இந்தக் குவிப்பை அளந்தார்கள். வேர் வளைவின் ஆரம் சிறுத்தால் குவிப்பு ஏறுகிறது. லூயிஸ் சொன்ன தகைவைப் போல ஒன்றரை மடங்கு வருவது சாதாரணம்.

சுமையையும் அவர் சற்றுக் கூட்டியே எடுத்தார். முழு விசையும் ஒற்றைப் பல்லின் நுனியில் விழுவதாகக் கொண்டார். துல்லியமாக வெட்டிய சக்கரங்களில், நுனி தொடும் நேரத்தில் பக்கத்து ஜோடியும் பிடிப்பில் இருக்கும், பாரம் பங்காகிவிடும். இன்றைய தரநிலைகள் ஒரே ஜோடி முழுப் பாரத்தையும் சுமக்கும் உயரமான புள்ளியை எடுத்துக்கொள்கின்றன. இடையில் மாட்டும் ஐட்லர் சக்கரத்துக்குத் தனிக் கணக்கு. அதன் பல் ஒரே சுற்றில் இரு பக்கமும் வளைகிறது. அதனால் அனுமதிக்கும் தகைவை 70 சதவீதமாகக் குறைப்பது வழக்கம்.

வடிவத்தை இவ்வளவு பார்த்துச் செய்தபின் கெடுப்பது பெரும்பாலும் கடைசி வேலைதான். கடினப்படுத்திய பல்லின் பக்கத்தைச் சாணைக்கல்லால் தேய்க்கும்போது கல் வேர் வளைவில் ஒரு படி வெட்டிவிட்டால், தகைவு குவியச் சரியான இடத்தில் சரியான வெட்டு கிடைத்துவிடுகிறது. கூடவே கடினப்படுத்தியதில் மேற்பரப்புக்குக் கிடைத்த அமுக்கமும் அங்கே சுரண்டிப் போகிறது. இதைத் தவிர்க்க, நுனியில் சிறு புடைப்பு வைத்த ஹாப்பைப் பயன்படுத்துகிறார்கள். அது வேருக்கு மேலே மயிரிழை அளவு முன்கூட்டியே குடைந்துவைக்கும். சாணைக்கல் அந்தக் குடைவில் வந்து வெற்றிடத்தில் முடிந்துவிடும், வேரைத் தொடாது.