மருந்துக்கு அவசரம், கத்திக்கு இல்லை

பிறந்த குழந்தையைத் துடைத்துக் கையில் எடுத்த செவிலியர், ஆணா பெண்ணா என்று சொல்லத் தயங்கும் நேரங்கள் உண்டு. பெண்குறியின் மொட்டு சிறிய ஆண்குறி போலப் பருத்திருக்கும். அதன் கீழே பை போலத் தெரியும் தோலைத் தடவிப் பார்த்தால் விதை தட்டுப்படாது. இப்படிப் பிறக்கும் குழந்தைகள் பலருக்குக் காரணம், அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே உள்ள ஒரு குறை. குரோமோசோம்கள் பெண்ணுக்குரியவை, கருப்பையும் சூலகமும் உள்ளே இருக்கும். கார்டிசால் சுரக்கத் தேவையான நொதி ஒன்று குறைவதால், கருவிலேயே ஆண் ஹார்மோன் மிகுந்து வெளியுறுப்பு மாறியிருக்கும். குரோமோசோமோ சுரப்பியோ உறுப்போ இப்படி வழக்கமான ஆண், பெண் அமைப்பில் அடங்காமல் பிறப்பவர்களைத்தான் இடைப்பாலினர் என்கிறோம்.

இவர்களோடு பலர் குழப்பிக்கொள்ளும் திருநங்கை, திருநம்பி என்பவை உடலமைப்பைக் குறிக்கும் சொற்கள் அல்ல. பிறந்தபோது மற்றவர்கள் எழுதிவைத்த பாலும், தன்னை யார் என்று ஒருவர் உணர்வதும் வேறுபடுவதையே அவை சொல்கின்றன. ஆண் ஹார்மோனை உடல் முழுவதுமாக ஏற்காத நிலையை எடுத்துக்கொள்வோம். குரோமோசோம் ஆணுக்குரியது, வயிற்றுக்குள் விதைகள்கூட உண்டு. ஆனால் வெளித்தோற்றம் முழுக்கப் பெண். பதினாறு வயதாகியும் மாதவிலக்கு வராதபோதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்ணாகவே வளர்ந்து பெண்ணாகவே வாழ்கிறார்கள். எந்தப் பாலிலிருந்தும் அவர்கள் மாறவில்லை. இடைப்பாலினராகப் பிறந்த ஒருவர் திருநராகவும் இருக்கலாம்தான்; ஒன்று மற்றொன்றின் அடையாளம் ஆகிவிடாது. ‘சட்டமே இருவரையும் ஒன்றாக வைத்ததே’ எனலாம். 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் சட்டம் இடைப்பாலினரையும் அந்த வரையறைக்குள் சேர்த்தது உண்மை. உரிமை தருவதற்காகப் போட்ட கூரை அது. மருத்துவ விளக்கம் ஆகாது.

இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பது குழந்தை. ‘பிள்ளை நாளைக்குத் திருநங்கையாகிவிடுமோ’ என்ற பயத்தில் (அப்படி ஆவதில் என்ன குற்றம் என்பது வேறு கதை) பெற்றோர் அறுவைக்கு அவசரப்படுகிறார்கள். அட்ரீனல் குறையில் உண்மையான ஆபத்து வேறு. கடுமையான வகையில், பிறந்த சில வாரங்களுக்குள் உடலின் உப்பு வெளியேறும். குழந்தை பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், துவண்டுபோகும், உயிரே போகலாம். உடனே வேண்டியது இரத்தப் பரிசோதனையும் ஹைட்ரோகார்டிசோன் மருந்தும். பருத்த மொட்டால் உயிருக்கு ஆபத்தில்லை. அதை வெட்டிச் சிறிதாக்கினால் உணர்ச்சி குறையலாம். போனதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. ‘பள்ளியில் கேலி செய்வார்களே’ என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் பெண்ணாக வளர்ப்பதற்குப் பெயரும் கவனிப்பும் போதும், கத்தி தேவையில்லை.

2019 ஏப்ரலில், தூத்துக்குடியைச் சேர்ந்த திருநங்கை ஒருவரின் திருமணப் பதிவு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை கூடாது என்றது. பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்பது அதன் நிலை. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசும் உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நிலைகளில் இந்த அறுவைக்குத் தடை விதித்து அரசாணை எண் 355-ஐ வெளியிட்டது. ஆகவே ஒப்புதல் படிவத்தை யாராவது நீட்டினால், இதைச் செய்யாவிட்டால் உயிருக்கு என்ன ஆபத்து என்பதை எழுத்தில் தரும்படி பெற்றோர் கேட்கலாம். சிறுநீர் போக வழியில்லை என்பது பதிலாகலாம். பார்க்க வேறு மாதிரி இருக்கிறது என்பது பதிலாகாது.