கரு மீண்டும் மீண்டும் கலைந்தால் எந்தப் பரிசோதனை?

ஒருமுறை கரு கலைந்தால் பெரும்பாலும் பரிசோதனை எதுவும் தேவைப்படாது. முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்கு, அந்தக் கருவில் தற்செயலாக நேர்ந்த குரோமோசோம் பிழையே காரணம். வயது கூடக்கூட இந்தப் பிழையும் கூடும். இரண்டு, மூன்று முறை கலைந்த பிறகுதான் மருத்துவர்கள் வேறு காரணம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

28 வயதுப் பெண் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஏழாவது, எட்டாவது வாரங்களில் இரண்டு கருக்கள் கலைந்தன. மூன்றாவது கருவின் இதயத் துடிப்பு ஸ்கேனில் தெரிந்தது. 11வது வாரத்தில் அது நின்றுவிட்டது. மருத்துவர் முதலில் கேட்பது இந்த வாரக் கணக்கையும் துடிப்பு தெரிந்ததா என்பதையும்தான். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பது அதனால்தான் உதவும்.

அவருக்கு எழுதித்தரும் பட்டியல் நீளமானதல்ல. தைராய்டு, சர்க்கரை அளவுகளுக்கு ரத்தப் பரிசோதனை. கருப்பையின் நடுவே பிறவியிலேயே தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று பார்க்க, முடிந்தால் முப்பரிமாண ஸ்கேன். கலைந்த கருவின் திசு கிடைத்தால் அதில் குரோமோசோம் சோதனை. அதில் சந்தேகம் எழுந்தால் கணவன், மனைவி இருவருக்கும்.

இவற்றோடு முக்கியமானது ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை. சிலருடைய உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும். நஞ்சுக்கொடி சரியாக அமைவதையும் தடுக்கும். இதற்கு மூன்று ரத்தச் சோதனைகள் உண்டு. அதில் ஒன்றின் பெயர் ‘லூப்பஸ் ஆன்ட்டிகோயாகுலன்ட்’. பெயரைப் பார்த்து லூப்பஸ் நோய் வந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சாதாரணக் காய்ச்சல் வந்தாலே இந்த எதிர்ப்பொருள்கள் சில வாரங்கள் தலைகாட்டி மறையும். ஆகவே ஒருமுறை ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் முடிவுகட்டக் கூடாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஹெப்பாரின் போட்டுக்கொண்டிருந்தால் முடிவு மாறக்கூடும் என்பதால் அதையும் ஆய்வகத்தில் சொல்ல வேண்டும். நம் உதாரணப் பெண்ணுக்கு இரண்டாம் முறையும் பாசிட்டிவ் வந்தால் காரணம் உறுதி. அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும், தோலுக்கடியில் தினமும் ஹெப்பாரின் ஊசியும் தருவார்கள். இது குழந்தை தங்கும் வாய்ப்பைக் கூட்டும். ஆனால் உத்தரவாதம் அல்ல. ரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் தானாக வாங்கிப் போடக் கூடாது.

பலருக்கும் எழுதப்படும் ‘டார்ச்’ பரிசோதனை இந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் கிருமிகள் ஒரு கர்ப்பத்தைப் பாதிக்கலாம். தொடர்ந்து கலைவதற்கு அவை காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதில் ‘ஐஜிஜி பாசிட்டிவ்’ என்றால் பெரும்பாலும் முன்பு எப்போதோ தொற்று வந்திருக்கிறது என்றே பொருள்.

எல்லாச் சோதனைகளும் முடிந்தும் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு, குறிப்பாக இளம் வயதினருக்கு, தனிச் சிகிச்சை ஏதுமின்றியே அடுத்த கர்ப்பம் நிலைக்கிறது. ஆகவே ‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டும் நல்ல செய்திதான்.