18 வயதுக்கு முன் கிரெடிட் கார்டு: பிள்ளைக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுக்கலாமா?

செங்கல்பட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 17 வயது மகள் தோழிகளோடு மாமல்லபுரம் கிளம்புகிறாள். "அம்மா, உன் கார்டைக் கொஞ்சம் கொடேன்!"

கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து அனுப்புவது சரிப்படாது. பின் நம்பரை நீங்களே சொன்னீர்கள் என்றால், பணம் போனபின் வங்கி கைவிரித்துவிடும். அவள் பெயரிலேயே தனி கார்டும் கிடைக்காது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் கடன் ஒப்பந்தம் போட முடியாது.

மிச்சமிருப்பது ஆட்-ஆன் கார்டு. கார்டில் மகள் பெயர் இருக்கும், கடன் அம்மாவுடையது. ரிசர்வ் வங்கியின் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. பல வங்கிகள் ஆட்-ஆனுக்கும் 18 வயது கேட்கின்றன, சில 15 வயதிலேயே தருகின்றன. முதலில் அதை விசாரித்துவிடுங்கள்.

அம்மாவின் லிமிட் 1,20,000 ரூபாய் என்றால், மகளுக்கு 3,000 போதும். இது கூடுதல் பணம் இல்லை, அந்த 1,20,000-க்குள்தான் அடங்கும். லிமிட் சின்னதுதானே என்று விட்டுவிடவும் கூடாது. கார்டைத் தட்டிச் செலுத்தும்போது 5,000 ரூபாய் வரை பின் நம்பரே தேவையில்லை. கடற்கரையில் கார்டு தொலைந்து, எடுத்தவர் தட்டினால் 3,000-மும் போய்விடும். அதனால் வங்கி ஆப்பில் அந்த கார்டுக்கு 'டேப்' வசதியையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் அணைத்துவிடுங்கள். ஓடிபி யார் போனுக்கு வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள் சர்ஃபிங் வகுப்பு, சாப்பாடு, ஒரு குட்டிக் கற்சிலை என்று மொத்தம் 3,000-ஐயும் செலவழித்துவிட்டாள். பில் வரும்போது பக்கத்தில் உட்காரவைத்து, 'குறைந்தபட்சத் தொகை' என்ற வரியைக் காட்டுங்கள். 5 சதவீதம் என்றால் 150 ரூபாய். "அவ்ளோதானா?" என்பாள்.

அதை மட்டும் கட்டினால் நடப்பது இது. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 105 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 19 ரூபாய். ஆக 124. கட்டிய 150-ல் கடன் குறைந்தது வெறும் 26 ரூபாய்! அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

பில்லைக் கட்ட மறந்தால் அடி விழுவது அம்மாவின் சிபில் ஸ்கோருக்கு. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நேரமென்றால் அது பெரிய தலைவலி. கெடு தேதிக்கு ஐந்து நாள் முன்பே மகள் தன் பங்கை அம்மா கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் இந்த ஆட்-ஆனை நம்பி, மகளுக்கு நல்ல ஸ்கோர் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். 18 முடிந்ததும் அவள் பெயரில் ஒரு சிறு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதன்மேல் கார்டு வாங்கலாம். சம்பளச் சான்று கேட்க மாட்டார்கள். அந்தக் கடன் அவளுடையது, ஸ்கோரும் அவளுடையது.